வாக்கியத்தைக் கடைசியிலிருந்து கட்டுங்கள்

கலைந்து கிடக்கும் இந்த 9 சொற்களைப் பாருங்கள்.

பாட்டிக்கு – திரும்பினான் – சென்ற – வீட்டிற்குத் – தம்பி – காலையில் – வாங்காமல் – கடைக்குச் – வெற்றிலை

கணக்குப்படி இந்த 9 சொற்களை 3,62,880 விதமாக அடுக்கலாம். அவற்றில் தமிழ் அறிந்தவர் ஏற்றுக்கொள்ளும் வாக்கியங்கள் வெகு சில. அந்தச் சிலவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்தெடுப்பதைத்தான் பள்ளிப் பாடநூல்கள் ‘சொற்களை முறைப்படுத்தி எழுதுக’ என்று பயிற்சியாகக் கொடுக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத்தமிழ்ப் பாடத்திட்டத்திலும் ‘சொற்களை ஒழுங்குபடுத்திச் சொற்றொடராக்குதல்’ என்ற தலைப்பு நெடுங்காலம் இடம்பெற்று வந்திருக்கிறது.

பெரும்பாலோர் இதைக் காதை நம்பிச் செய்கிறார்கள். சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்து, எது இயல்பாக ஒலிக்கிறதோ அதைத் தேர்ந்துகொள்கிறார்கள். நான்கைந்து சொற்கள் என்றால் இது போதும். சொற்கள் எட்டு, ஒன்பது என்று நீண்டு, விடைகள் நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும்போது காது குழம்பிவிடுகிறது. ஒவ்வொரு சொல்லும் தனக்குரிய இடத்தைத் தன் ஈற்றிலேயே சுமந்து நிற்கிறது. அந்த ஈறுகளைப் படிக்கத் தெரிந்துவிட்டால் வேலை பெரும்பகுதி முடிந்துவிடும்.

முற்று எது?

கலைந்த சொற்களைக் கண்டதும் ‘யார்’ என்று தேடி, தம்பியை முதலில் வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று யோசிப்பதுதான் பலருடைய வழக்கம். அங்கேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. தமிழ் வாக்கியத்தில் எழுவாய் முதலில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சில நேரம் எழுவாயே வெளிப்பட வராது. ‘வந்தேன்’ என்ற ஒரே சொல் முழு வாக்கியம் ஆகிவிடும். ஆனால் எழுத்துத் தமிழின் உரைநடையில் வினைமுற்று கடைசியில்தான் நிற்கும். உறுதியாகத் தெரிந்த இடம் அது ஒன்றுதான் என்பதால் அங்கிருந்து தொடங்குவதே வசதி.

நம் 9 சொற்களில் வினையிலிருந்து பிறந்தவை மூன்று: திரும்பினான், சென்ற, வாங்காமல். இவற்றில் முற்று எது என்று பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஈற்றைப் பார்த்துச் சொல்லிவிடலாம். முற்றின் ஈறு யார் செய்தார் என்பதைக் காட்டும். வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது, வந்தன என்று ஒவ்வொன்றும் தன் எழுவாயைத் தானே சொல்லிவிடுகிறது. ‘திரும்பினான்’ என்பதன் ஈற்றில் ‘ஆன்’ இருப்பதால் செய்தவன் ஓர் ஆண், ஒருவன், எதிரில் நிற்காத படர்க்கையான் என்பது தெரிகிறது. ‘சென்ற’, ‘வாங்காமல்’ இரண்டிலும் அப்படி எந்த அடையாளமும் இல்லை. சென்றது அவனா, அவளா, அவர்களா? வாங்காதது நானா, நீயா? அந்தச் சொற்களால் சொல்ல முடியாது. அவை எச்சங்கள், முடிவதற்கு இன்னொரு சொல் வேண்டும்.

எச்சத்திலும் இரு வகை உண்டு. ‘சென்ற’ என்பது பெயரெச்சம். சென்ற தம்பி, சென்ற வண்டி என்று ஒரு பெயரைக் கொண்டு முடியும். ‘வாங்காமல்’ என்பது வினையெச்சம். வாங்காமல் திரும்பினான், வாங்காமல் நின்றான் என்று ஒரு வினையைக் கொண்டு முடியும். ஆகவே வினைச்சொல் ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: நீ முடிந்துவிட்டாயா, பெயர் வேண்டுமா, வினை வேண்டுமா?

இதில் இரண்டு இடங்களில் தவறு நேரும். முதலாவது, ‘வரும்’ போன்ற சொற்கள். மழை வரும் என்றால் முற்று. வரும் மழை என்றால் பெயரெச்சம். ஈறு ஒன்றே என்பதால் பக்கத்தில் இருக்கும் சொல்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரண்டாவது, முற்றுகள் இரண்டு இருக்கும் வாக்கியம். அம்மா, மழை, என்று, வரும், சொன்னாள் என்று ஐந்து சொற்களைக் கொடுத்தால் வரும், சொன்னாள் இரண்டுமே முற்றாகலாம். அப்போது ‘என்று’ கைகொடுக்கும். பிறர் சொன்னதும் நினைத்ததும் ‘என்று’வுக்கு முன்னால் ஒரு முழு வாக்கியமாகவே நிற்கும். ஆகவே உள்வாக்கியத்தின் முற்று ‘என்று’வுக்கு முன்னும், வெளிவாக்கியத்தின் முற்று எல்லாவற்றுக்கும் கடைசியிலும் வரும். ‘மழை வரும் என்று அம்மா சொன்னாள்’ என்று எழுதலாம். ‘அம்மா, மழை வரும் என்று சொன்னாள்’ என்றும் எழுதலாம். இரண்டும் சரியே.

உருபு தரும் சுதந்திரம்

முற்றைக் கடைசியில் நிறுத்திய பிறகு அதனிடமே கேள்வி கேட்க வேண்டும். திரும்பினான் — யார்? எங்கே? எப்போது? எப்படி? இந்தக் கேள்விகளுக்குப் பெயர்ச்சொற்களின் ஈற்றில் இருக்கும் வேற்றுமை உருபுகள் விடை சொல்லும். உருபு ஏதும் இல்லாமல் நிற்பது எழுவாய். ‘ஐ’ இருந்தால் யாரை, எதை என்பதற்கு விடை. ‘ஆல்’ இருந்தால் யாரால், எதனால். ‘ஓடு’, ‘உடன்’ இருந்தால் யாரோடு. ‘கு’ இருந்தால் யாருக்கு, எதற்கு, எங்கே. ‘இருந்து’ என்பது எங்கிருந்து என்பதற்கும், ‘இல்’ என்பது எங்கே, எப்போது என்பதற்கும் விடையாகும்.

இந்த வரிசையில் ஆறாம் வேற்றுமை மட்டும் தனிக் குணம் உடையது. மற்றவை வினையைத் தேடிச் செல்லும். ‘உடைய’, ‘அது’ என்ற ஆறாம் வேற்றுமை பெயரைத் தேடிச் செல்லும். ‘பாட்டியுடைய’ என்று ஒரு சொல் வந்தால் அதற்குப் பின்னால் கண்ணாடியோ பெட்டியோ வீடோ வந்தாக வேண்டும். நடுவில் வினை வரக்கூடாது.

உருபு இருக்கும் பெயர் இடம் மாறினாலும் அதன் வேலை மாறாது. ஆசிரியர், மாணவனை, பாராட்டினார் என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். ‘ஆசிரியர் மாணவனைப் பாராட்டினார்’ என்றாலும் ‘மாணவனை ஆசிரியர் பாராட்டினார்’ என்றாலும் பாராட்டியவர் ஆசிரியரே. மாணவனின் ஈற்றில் ‘ஐ’ ஒட்டிக்கொண்டிருக்கும் வரை அவன் வாக்கியத்தில் எங்கே போய் நின்றாலும் பாராட்டுப் பெற்றவன்தான். பேச்சில் ‘பாராட்டினாரு ஆசிரியரு, மாணவனை’ என்று முற்றையே முன்னால் தூக்கி வைத்தால்கூடக் கேட்பவருக்குக் குழப்பம் வராது.

பொருள் மாறவில்லை என்றாலும் அழுத்தம் மாறுகிறது. தமிழில் முற்றுக்கு நேர் முன்னே இருக்கும் இடம் அழுத்தம் பெறும் இடம். ‘யாரைப் பாராட்டினார்?’ என்று கேட்டால் ‘ஆசிரியர் மாணவனைப் பாராட்டினார்’ என்பது பொருத்தமான விடை. ‘மாணவனைப் பாராட்டியது யார்?’ என்று கேட்டால் ‘மாணவனை ஆசிரியர் பாராட்டினார்’ என்பதே பொருந்தும். கேள்விச் சொல்லும் இந்த இடத்தையே நாடும். ‘நேற்று உன் வீட்டிற்கு யார் வந்தார்?’ என்பது இயல்பாக வருவதும், ‘யார் நேற்று உன் வீட்டிற்கு வந்தார்?’ என்பது சற்றே தள்ளி நிற்பதும் இதனால்தான்.

உருபு போய்விட்டால் இந்தச் சுதந்திரமும் போய்விடும். ‘பூனை எலியைப் பிடித்தது’, ‘எலியைப் பூனை பிடித்தது’ இரண்டும் ஒன்று. ‘ஐ’யை எடுத்துவிட்டுப் பூனை, எலி, பிடித்தது என்று மட்டும் கொடுத்தால் ‘பூனை எலி பிடித்தது’ என்ற ஒரே வரிசையைத்தான் ஏற்க முடியும். ‘எலி பூனை பிடித்தது’ என்று எழுதினால் பிடித்தது எலியாகிவிடும். உருபு செய்ய வேண்டிய வேலையை இங்கே இடம் செய்கிறது.

இடமும் உதவாத நிலை ஒன்று உண்டு. ‘புலி கொன்ற யானை’ என்ற தொடரைப் பாருங்கள். புலியைக் கொன்ற யானை என்றும் கொள்ளலாம், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் கொள்ளலாம். தொல்காப்பிய உரையாசிரியர்கள் வேற்றுமை மயக்கத்துக்கு எடுத்துக்காட்டிய பழைய தொடர் இது. செத்தது யார் என்பதைத் தொகுத்து வைத்த வரிசையால் சொல்ல முடியவில்லை. மறைந்துபோன உருபுதான் சொல்லியிருக்க வேண்டும்.

உயிரில்லாத பொருளாக இருந்தால் ‘ஐ’யைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். வெற்றிலை வாங்கினான், காபி குடித்தான், பாட்டுப் பாடினாள். இப்படி உருபில்லாமல் நிற்கும் செயப்படுபொருள் தன் வினையை விட்டு விலகாது. ‘வெற்றிலையைப் பாட்டிக்கு வாங்கினான்’ என்று சொல்லலாம். ‘ஐ’ இருப்பதால் வெற்றிலை நகர்கிறது. ‘வெற்றிலை பாட்டிக்கு வாங்கினான்’ என்பது எழுத்தில் இடறும். ஆகவே கலைந்த சொற்களில் உருபில்லாத பெயர்கள் இரண்டு இருந்தால், ஒன்று எழுவாய், மற்றது வினையோடு ஒட்டி நிற்கும் செயப்படுபொருள் என்று சந்தேகிக்க வேண்டும். எது எழுவாய் என்பதை முற்றின் ஈறு காட்டிக்கொடுக்கும். ‘ஆன்’ என்று முடியும் முற்றுக்கு வெற்றிலை எழுவாயாக முடியாது.

ஒட்டிக்கொண்டே வரும் சொற்கள்

வேற்றுமை உருபு ஏற்ற பெயர்கள் நகரும் சொற்கள் என்றால், நகராத சொற்களும் உண்டு. பெயரெச்சம், ‘பெரிய’, ‘நல்ல’ போன்ற அடைகள், அந்த, இந்த, எந்த, எண்ணுப்பெயர்கள், ஆறாம் வேற்றுமைப் பெயர் ஆகிய எல்லாமே தமக்குரிய பெயருக்கு முன்னால்தான் வரும். தமிழில் விளக்கும் சொல் முன்னும் விளக்கப்படும் சொல் பின்னும் நிற்கும். இதே காரணத்தால்தான் எல்லாவற்றாலும் விளக்கப்படும் முற்று வாக்கியத்தின் கடைசிக்குப் போகிறது. மீது, பற்றி, பிறகு போன்ற சொற்களோ பெயருக்குப் பின்னால் வரும்: மேசை மீது, படத்தைப் பற்றி, மழைக்குப் பிறகு.

ஆகவே ஒன்பது சொற்களையும் தனித்தனியாகப் பார்ப்பதை விட, ஒட்டும் சொற்களை முதலில் ஒட்டிச் சிறு சிறு கட்டுகளாக ஆக்கிக்கொள்வது நல்லது. ஒன்பது சொற்கள் நான்கு கட்டுகளாகிவிட்டால் அடுக்க வேண்டிய வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

ஒற்று என்ற கொக்கி

கட்டுவதற்கு இன்னொரு உதவி சொற்களிலேயே அச்சாகி இருக்கிறது. ‘கடைக்குச்’ என்ற சொல்லின் கடைசியில் இருக்கும் ‘ச்’ எங்கிருந்து வந்தது? இரண்டாம் வேற்றுமை ‘ஐ’, நான்காம் வேற்றுமை ‘கு’ இரண்டும் வெளிப்பட்டு நிற்கும்போது, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் அந்த எழுத்தின் ஒற்று மிகும். அடுத்த சொல்லிலிருந்து கிளம்பி முன்சொல்லில் மாட்டிக்கொண்ட கொக்கி அது. ‘கடைக்குச்’ என்று இருந்தால் அடுத்த சொல் சகரத்தில்தான் தொடங்கும். நம் 9 சொற்களில் சகரத்தில் தொடங்குவது ‘சென்ற’ ஒன்றுதான். யோசனையே தேவையில்லாமல் ‘கடைக்குச் சென்ற’ என்ற கட்டு கிடைத்துவிட்டது.

ஒற்று இல்லாததும் ஒரு செய்திதான். ‘பாட்டிக்கு’ என்பதில் ஒற்று இல்லை. ‘கு’ இருந்தும் ஒற்று வரவில்லை என்றால் அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கவில்லை என்று பொருள். அப்படியானால் தம்பி, திரும்பினான், சென்ற, காலையில், கடைக்குச் ஆகிய ஐந்தும் அதன் பின்னால் வர முடியாது. வெற்றிலை, வாங்காமல், வீட்டிற்குத் என்ற மூன்று சொற்களே மிஞ்சுகின்றன.

வினைச்சொற்களிலும் இந்தக் குறிப்பு உதவும். பெயரெச்சத்துக்குப் பின் பொதுவாக ஒற்று மிகாது: படித்த புத்தகம், சென்ற தம்பி. ‘படிக்கச்’ என்று ஒற்றோடு இருந்தால் அது வினையெச்சம். ‘சென்றான்’ போன்ற வினையை எதிர்பார்க்கலாம். எழுவாய்க்குப் பின்னும் ஒற்று மிகாது. தம்பி திரும்பினான் என்றுதான் எழுதுவோம். ‘அந்தப்’, ‘இந்தக்’ என்று இருந்தால் அடுத்த பெயரின் முதலெழுத்தும் தெரிந்துவிடும். ஒரு, ஓர் என்பவையும் இப்படியே வழிகாட்டும். ‘ஓர்’ இருந்தால் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கும்: ஓர் ஊர், ஓர் ஆடு.

எச்சரிக்கையும் வேண்டும். சொற்களைக் கலைக்கும்போது ஒற்றுகளை நீக்கிவிட்டே கொடுக்கும் வினாத்தாள்கள் உண்டு. சொற்கள் எதிலுமே ஒற்று இல்லை என்றால் ‘ஒற்று இல்லாததும் செய்தி’ என்ற விதியை அங்கே பயன்படுத்தக்கூடாது. ஒன்றிரண்டு சொற்களிலாவது ஒற்று அச்சாகி இருந்தால் நம்பலாம். விடையை எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு ஒற்றுக்கும் அடுத்து அதே வரிசை எழுத்து வந்திருக்கிறதா என்று பார்த்தால், தவறான அடுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒன்பது சொற்களும் ஒரு வாக்கியமும்

இனி முழுதாகச் செய்து பார்ப்போம். முற்று ‘திரும்பினான்’, அது கடைசி. ‘கடைக்குச் சென்ற’ ஒரு கட்டு. ‘வாங்காமல்’ வினையெச்சம், எதை வாங்காமல் என்றால் ‘வெற்றிலை வாங்காமல்’. யாருக்கு? ‘பாட்டிக்கு வெற்றிலை வாங்காமல்’ என்று மூன்று சொற்கள் ஒரு கட்டாகிவிட்டன. ‘வீட்டிற்குத்’ என்பதன் கொக்கி தகரம். ‘திரும்பினான்’ அதற்கு ஒத்து வருகிறது. ‘வீட்டிற்குத் திரும்பினான்’ கடைசிக் கட்டு. தகரத்தில் தொடங்கும் இன்னொரு சொல் ‘தம்பி’ என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘வீட்டிற்குத் தம்பி திரும்பினான்’ என்பதை ஒற்று தடுக்காது. ஆனால் ‘சென்ற’ என்ற பெயரெச்சம் ஒரு பெயரைக் கேட்டுக் காத்திருக்கிறது. தம்பி அங்கே தேவைப்படுகிறான்.

தம்பியை அங்கே வைத்தால் ‘கடைக்குச் சென்ற தம்பி’. மிச்சம் இருப்பது ‘காலையில்’ ஒன்றுதான். அதை முதலில் வைத்தால் வாக்கியம் இப்படி அமைகிறது:

காலையில் கடைக்குச் சென்ற தம்பி பாட்டிக்கு வெற்றிலை வாங்காமல் வீட்டிற்குத் திரும்பினான்.

முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் விடைப்பட்டியலில் இதுவும் இருந்தால் என்ன செய்வது?

கடைக்குச் சென்ற தம்பி பாட்டிக்கு வெற்றிலை வாங்காமல் காலையில் வீட்டிற்குத் திரும்பினான்.

இலக்கணப்படி இதிலும் குற்றமில்லை. வேறுபாடு பொருளில் இருக்கிறது. முதல் வாக்கியத்தில் தம்பி கடைக்குப் போனது காலையில். எப்போது திரும்பினான் என்பது சொல்லப்படவில்லை. இரண்டாவதில் திரும்பியது காலையில். முதல்நாள் இரவே போயிருக்கவும்கூடும். காலம், இடம் சொல்லும் சொற்கள் தமக்குப் பின்னால் வரும் வினையோடு சேரும் இயல்புடையவை. இடையில் இரண்டு வினைகள் இருந்தால் எதற்கு அருகில் வைக்கிறோமோ அதைத் தழுவும். கடைக்குப் போவது காலையில் செய்யும் வேலையாக இருப்பதால் முதல் வாக்கியத்தையே பலரும் தேர்வார்கள்.

இன்னொரு வாக்கியமும் இலக்கணத்தைத் தாண்டி வந்துவிடும்.

கடைக்குச் சென்ற பாட்டிக்கு வெற்றிலை வாங்காமல் தம்பி காலையில் வீட்டிற்குத் திரும்பினான்.

‘சென்ற’ கேட்டது ஒரு பெயர். அந்தப் பெயர் தம்பியாகத்தான் இருக்க வேண்டும் என்று பெயரெச்சம் சொல்லவில்லை. பாட்டிக்கும் அது பொருந்தும். ஒற்றிலும் பிழையில்லை, உருபிலும் பிழையில்லை. ஆனால் பாட்டியே கடைக்குப் போயிருந்தால் வெற்றிலையை அவரே வாங்கிக்கொண்டிருப்பார்; தம்பி வாங்கவில்லை என்று சொல்ல வேண்டிய தேவை எழாது. இலக்கணம் லட்சக்கணக்கான அடுக்குகளை இரண்டு, மூன்றாகக் குறைத்துக் கொடுக்கிறது. அந்த இரண்டு, மூன்றில் எது என்பதை உலகியல் அறிவு தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் எந்த வரிசையில் பயன்படுத்துகிறோம் என்பது முக்கியம். பொருளை முதலில் ஊகித்துவிட்டு அதற்கேற்பச் சொற்களை வளைப்பவர்கள்தான் அதிகம் தவறு செய்கிறார்கள்.

எழுவாய் இரண்டு இருந்தால்

அக்கா, சமைத்துக்கொண்டிருந்தாள், அண்ணன், வந்தபோது — இந்த நான்கு சொற்களில் அக்கா, அண்ணன் இருவருக்கும் உருபில்லை. இருவரும் எழுவாய்கள். முற்று ‘ஆள்’ என்று முடிவதால் சமைத்தவர் அக்கா. ‘வந்தபோது’ யார் வந்ததைச் சொல்கிறது என்பதை அதன் ஈற்றால் காட்ட முடியாது. ஆகவே வந்தவர் அதன் முன்னால் நெருங்கி நிற்க வேண்டும். ‘அண்ணன் வந்தபோது அக்கா சமைத்துக்கொண்டிருந்தாள்’ என்றால் எல்லாம் தெளிவு. ‘அக்கா வந்தபோது அண்ணன் சமைத்துக்கொண்டிருந்தாள்’ என்று அடுக்கினால் முற்றும் எழுவாயும் முரண்படும். ‘அக்கா அண்ணன் வந்தபோது சமைத்துக்கொண்டிருந்தாள்’ என்பது பிழையில்லை என்றாலும், படிப்பவர் அக்காவும் அண்ணனும் சேர்ந்து வந்ததாக ஒரு கணம் நினைத்துவிடுவார். பால் காட்டும் முற்று தன் எழுவாயைத் தொலைவிலிருந்தும் அடையாளம் காணும். பால் காட்டாத எச்சத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. நீண்ட வாக்கியங்களில் எழுவாயை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இதுவே விடை.

வினையே இல்லாத வாக்கியம்

முற்றைத் தேடுங்கள் என்று சொன்ன பிறகு, முற்றே இல்லாத சொற்கூட்டம் வந்தால்? முதலாம், கட்டியவர், பெரிய, இராசராசன், கோயிலைக், தஞ்சைப். ‘கட்டியவர்’ வினைபோலத் தோன்றினாலும் கட்டிய ஆளைக் குறிக்கும் பெயர். வினையாலணையும் பெயர் என்று படித்திருப்போம். இங்கே பயனிலையும் பெயர்தான்.

கட்டும் முறை மாறுவதில்லை. ‘தஞ்சைப்’ பகரத்தைக் கேட்கிறது: தஞ்சைப் பெரிய. ‘பெரிய’ பெயரைக் கேட்கிறது: பெரிய கோயிலைக். ‘கோயிலைக்’ ககரத்தைக் கேட்கிறது: கோயிலைக் கட்டியவர். ‘முதலாம்’ இராசராசனோடு சேர்கிறது. இப்போது இரண்டு கட்டுகள் கையில் இருக்கின்றன. ‘தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் முதலாம் இராசராசன்’ என்றும், ‘முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர்’ என்றும் எழுதலாம். கோயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் முதலாவது, அரசனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் இரண்டாவது. தெரிந்தது முன்னே, புதிதாகச் சொல்வது பின்னே. முன்பின் இல்லாமல் சொற்களை மட்டும் கொடுத்து ஒரே விடையைத் திணிப்பது இத்தகைய வாக்கியங்களில் நியாயமாகாது. வினா அமைப்பவர்கள் இரண்டு வரிசைகளையும் ஒரே விடைப்பட்டியலில் வைக்காமல் இருக்க வேண்டும். வகுப்பில் திருத்தும் ஆசிரியர்கள் இரண்டுக்கும் மதிப்பெண் தர வேண்டும்.

செய்யுளுக்கும் இதே வழி

சொற்களைக் கலைத்துப் போட்டு முறைப்படுத்துவது தேர்வுக்காகக் கண்டுபிடித்த விளையாட்டு அல்ல. செய்யுளில் ஓசைக்கும் தொடைக்கும் இணங்கச் சொற்கள் இடம் மாறி நிற்கும். அவற்றைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறையைப் பொருள்கோள் என்று இலக்கணம் வகுத்திருக்கிறது. இரண்டடியில் வரும் எட்டுச் சீர்களைப் பொருந்தும் வழி அறிந்து பிரித்துக் கூட்டுவதைத் தொல்காப்பியம் சுண்ணம் என்ற பெயரில் சொல்கிறது. நன்னூல் பொருள்கோளை 8 வகையாக விரிக்கிறது. பாட்டில் சிதறி நிற்கும் சொற்களை எடுத்துச் சேர்த்துப் பொருள் காண்பதை அது கொண்டுகூட்டு என்கிறது.

பழம்பாடல் ஒன்றின் உரையைத் திறந்து பாருங்கள். உரையாசிரியர் பாட்டின் நடுவிலோ தொடக்கத்திலோ நிற்கும் முற்றைக் கண்டுபிடித்துக் கடைசிக்குக் கொண்டுவருகிறார். எச்சங்கள் எந்தப் பெயரோடு, எந்த வினையோடு முடிகின்றன என்று காட்டுகிறார். மறைந்த உருபுகளை விரித்து எழுதுகிறார். புலவர் சொற்களை அவ்வளவு தூரம் நகர்த்தி வைக்க முடிந்தது, சொல்லின் வேலையை அதன் ஈறு தாங்கி நின்றதால்தான். அவற்றை மீண்டும் உரைநடை வரிசைக்குக் கொண்டுவர முடிவதும் அதே காரணத்தால்தான். பாட்டிக்கும் வெற்றிலைக்கும் தம்பிக்கும் ஈறு பார்த்து இடம் தரப் பழகிய மாணவருக்கு, மனப்பாடப் பகுதியில் இருக்கும் செய்யுளின் முற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடும் வழியும் தெரிந்திருக்கும். உரை நூலைத் திறப்பதற்கு முன் அந்தத் தேடலைத் தாமே ஒருமுறை செய்துபார்த்து, பிறகு உரையோடு ஒப்பிட்டால், தேர்வுக்கான பயிற்சியும் செய்யுள் படிக்கும் பயிற்சியும் ஒன்றாகவே நடந்துவிடும்.